நனைந்த பெட்டியின் எடை

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலை அடிவாரத்தில், கோமுகி வாய்க்கால் பாயும் ஒரு பழத்தோட்டத்தில் பல வருஷம் வேலை செய்தேன். சப்போட்டாவும் கொய்யாவும் போட்ட தோட்டம். முதலில் பழம் பறிக்கிற ஆளாகத்தான் போனேன். ஐந்தாவது வரைக்கும் படித்திருந்தேன். அதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. நாலு பேர் கூடிப் பேசுகிற இடத்தில் எனக்கு வாயே வராது. மரத்துக்குப் பின்னால் நின்று பறித்தோமா, பெட்டியை நிரப்பினோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருப்பேன்.

தோட்டத்துக் கணக்கை ஒரு வயதான கணக்குப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். திருக்கோவிலூர்க்காரர். ஒரு மழைக்காலத்தில் நாங்கள் அனுப்பிய சப்போட்டா, பாண்டிச்சேரி மண்டிக்குப் போனபோது எடை குறைந்துவிட்டது என்று பிராது வந்தது. ஒரு தடவை இல்லை, அடுத்தடுத்து வந்தது. சீட்டில் எழுதின எடை ஒன்று, மண்டியில் நின்ற எடை இன்னொன்று. முதலாளி அவரைக் கேட்டார். தான் எழுதியது எழுதியபடிதான் என்று அவர் சொன்னார். யாரும் நம்பவில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனவர்தான், திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது என் ஓரகத்திதான் என்னைக் காட்டிக்கொடுத்தாள். என் கொழுந்தனுக்குப் பெண்டாட்டி, வாக்கப்பட்ட முறைக்குச் சின்னவள், வயதில் எனக்கு மூத்தவள். அதனால் நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"இவ அஞ்சாவது படிச்சிருக்கா முதலாளி. பேசத்தான் தெரியாது. எழுதுவா."

"பேசாத ஆளுதான் எனக்கு வேணும்" என்றார் முதலாளி.

அப்படித்தான் தராசுக் கொட்டகைக்கு வந்தேன். அங்கே ஒரு பிளாட்பாரத் தராசு இருந்தது. காலையில் வந்ததும் ஒன்றும் வைக்காமல் தண்டு நேராக நிற்கிறதா என்று பார்ப்பேன். பிறகு இருபது கிலோ படிக்கல்லை வைத்துப் பார்ப்பேன். இரண்டும் சரியாக நின்றால்தான் முதல் பெட்டியை ஏற்றச் சொல்வேன். சொல்வேன் என்றால் கையால் காட்டுவேன்.

எங்கள் பெட்டிகள் மரப்பெட்டிகள். மலையிலிருந்து வருகிற இலவம் பலகையில் கள்ளக்குறிச்சி ஆசாரி அடித்துத் தருவது. ஒவ்வொரு பெட்டியின் பக்கப் பலகையிலும் நீலப் பெயிண்டில் ஒரு நம்பர் இருக்கும். பழத்தோடு போன பெட்டி காலியாகத் திரும்பி வரவேண்டும் என்பதற்காகப் போட்ட நம்பர். நான் அதையே கணக்குக்கும் வைத்துக்கொண்டேன். எந்த நம்பர் பெட்டி, எந்த வரிசை மரத்துப் பழம், மொத்தம் எவ்வளவு கிலோ, பெட்டிக்குக் கழித்தது எவ்வளவு, யாருக்குப் போகிறது, எந்த லாரி, டிரைவர் பேர் என்ன. கார்பன் வைத்து மூன்று சீட்டு. ஒன்று டிரைவர் கையில். ஒன்று கடைசியாக ஏற்றுகிற பெட்டிக்குள், பழத்துக்கு மேலே. மண்டியில் லாரிக் கதவைத் திறந்ததும் அந்தப் பெட்டிதான் முதலில் இறங்கும். மூன்றாவது எங்களிடம் கம்பியில் குத்தி வைப்பது.

பெட்டிக்கு இரண்டரை கிலோ என்று கழிப்பது அங்கே நெடுநாள் வழக்கம். அந்தத் தோட்டத்தில் பெட்டி வாங்கின முதல் வருஷம் கோடையில் ஒரு பெட்டியை நிறுத்துப் பார்த்து வைத்த அளவு அது. அதற்குப் பிறகு யாரும் காலிப் பெட்டியைத் தராசில் ஏற்றவே இல்லை.

நான் எழுத வந்த அந்த வருஷம் மழை தொடங்குகிற சமயத்தில் பாண்டி மண்டிக்காரர் முதலாளிக்கு ஆள் சொல்லி அனுப்பினார். போன மழைக்குக் குறைந்ததுபோல இந்த மழைக்கும் எடை குறைந்தால் அந்த லோடோடு சரி, இனி இந்தத் தோட்டத்துச் சரக்கே வேண்டாம் என்று. முதலாளி அதைக் கேட்டுவிட்டுத் தராசுக் கொட்டகை வாசலில் நின்றபடி மேஸ்திரியிடம் பேசினார். நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

"அவரும் வுட்டுட்டா அப்புறம் எதுக்கு இந்த மரம்? டிராக்டர வுட்டுப் புடுங்கிட்டுக் கரும்பு போட்டுட்றேன். தண்ணி இருக்குது. சர்க்கர ஆல வண்டி வாசலுக்கே வந்துரும்."

மேஸ்திரி என் வீட்டுக்காரருக்கு மாமன் முறை. தோட்டத்தில் எங்களை வேலை வாங்குகிறவர் அவர்தான்.

கரும்பு போட்டால் நடுகிறபோதும் வெட்டுகிறபோதும்தான் ஆள் வேண்டும். வெட்டுகிறதற்கு வெளியூரிலிருந்து கும்பலாக வந்துவிடுவார்கள். பழத்தோட்டம் என்றால் வருஷம் முழுக்கப் பெண்களுக்கு வேலை. பறிக்க, துடைக்க, ரகம் பிரிக்க, அடுக்க என்று எங்கள் தெருப் பெண்களும் காலனிப் பெண்களுமாக இருபது பேருக்கு மேல் அந்த மரங்களை நம்பி இருந்தோம். அன்றைக்கு நான் கேட்டதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மாலைக்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மேஸ்திரி வாயில் எதுவும் நிற்காது.

அந்தச் சமயத்தில்தான் ரோடு மறியல் வந்தது. ஒதுக்கீடு வேண்டும் என்று சனங்கள் ரோட்டில் உட்கார்ந்த வருஷங்கள் அவை. அதற்கு முன்னாலும் ஒருநாள் இரண்டுநாள் பஸ் நின்றிருக்கிறது. இந்தத் தடவை அப்படி இல்லை. புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். கள்ளக்குறிச்சிக்கு டவுன்பஸ் இல்லை. உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் லாரிகள் வரிசையாக நிற்கின்றன என்றார்கள். களமருதூரில் கட்டிக்கொடுத்த என் நாத்தனார் வீட்டிலிருந்து ஒரு சேதியும் வரவில்லை. என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் காலையில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ரோட்டுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள்.

"பள்ளிக்கூடத்துல, ஆபீசுல நம்ம புள்ளைங்களுக்கும் எடம் வேணும்ல. அதுக்குத்தான் குந்திக்கினு இருக்கிறோம்" என்பார் என் வீட்டுக்காரர்.

"குந்துங்க, யாரு வேணாங்கிறா. கொய்யா பழுத்துக்கினு இருக்குது, அதுக்கு ஒரு வழி சொல்லிட்டுக் குந்துங்க" என்பாள் ஓரகத்தி.

பறித்து வைத்த கொய்யா இரண்டு நாளைக்கு மேல் தாங்கவில்லை. கொட்டகை முழுக்க வாசனை. முதலாளி கள்ளக்குறிச்சியிலிருந்து சைக்கிளில் வந்து பார்த்தார். பழுத்ததைச் சைக்கிளில் பழம் விற்கிறவர்களுக்குக் கொஞ்சம் போட்டோம். ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார். மிச்சத்தை ரோட்டில் உட்கார்ந்திருக்கிற சனத்துக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டார். மாட்டு வண்டியில் ஏற்றியபோது நான் வழக்கம்போலச் சீட்டு எழுதினேன். பெட்டி நம்பர், எடை எல்லாம் எழுதியாயிற்று. வாங்குகிறவர் பேர் என்ற இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் யோசித்து, 'ரோட்டில் உட்கார்ந்திருப்பவர்கள்' என்று எழுதினேன்.

மேஸ்திரி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கும் சீட்டா? அவங்க இன்னா எட கம்மின்னு பிராது சொல்லப் போறாங்களா?"

"பெட்டி திரும்பி வரணும்" என்றேன்.

பெட்டிகள் எல்லாம் திரும்பி வந்தன. நம்பர் பார்த்து வாங்கி வைத்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம். கொழுந்தனே தலையில் இரண்டு பெட்டியைச் சுமந்து கொண்டுவந்து, "எண்ணிக்கோங்க அண்ணி, ஒண்ணு கொறஞ்சாலும் என்னை மறுபடியும் ரோட்டுக்கே தொரத்திருவீங்க" என்றான்.

சப்போட்டாவைப் பறிக்கவில்லை. சப்போட்டா விளைந்தாலும் மரத்தில் கொஞ்ச நாள் நிற்கும், பறித்தால்தான் நாலைந்து நாளில் பழுத்துவிடும். அதனால் மரத்திலேயே விட்டுவிடலாம் என்று மேஸ்திரி சொன்னது நல்ல யோசனை. காலிப் பெட்டிகளைக் கொட்டகைக்கு வெளியே களத்தில் ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்தோம். உள்ளே இடமில்லை. லாரி இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்றுதான் எல்லாரும் இருந்தோம். அதற்குள் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து மூன்று சாயங்காலம் தொடர்ந்து மழை பெய்தது.

மரங்களை இழுத்துப் போட்டு ரோட்டைத் திறந்துவிட்டார்கள் என்ற சேதி ஒரு விடியற்காலையில் வந்தது. கூடவே லாரியும் வந்துவிட்டது. டிரைவர் கீழே இறங்காமலேயே பேசினார்.

"சீக்கிரம் ஏத்துங்க. எல்லாத் தோட்டத்துலயும் இதே கூத்துதான். முன்னாடி போறவன் சரக்குதான் நிக்கும். பின்னாடி போனா மண்டியில எறக்க எடம் கெடைக்காது."

பெண்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள். களத்தில் அடுக்கியிருந்த பெட்டிகளை ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனார்கள். நகத்தால் தோலைக் கீறிப் பார்த்து, பச்சை தெரியாத காயாகப் பறித்து, மேலே இருக்கிற மண் நிறத் தூளைத் துணியால் துடைத்து, அடியில் வைக்கோல் போட்டு அடுக்கினார்கள். பேச்சில்லாமல் வேலை நடந்தது. இந்த லோடுதான் மண்டிக்காரர் சொன்ன லோடு என்பது எல்லாருக்கும் தெரியும். வெயில் ஏறுவதற்குள் எழுபத்திரண்டு பெட்டி கொட்டகைக்கு வந்துவிட்டது.

மேஸ்திரி தராசில் ஏற்ற, நான் எழுத ஆரம்பித்தேன்.

"லாபம்" என்று முதல் பெட்டியை எண்ணினார். அங்கே ஒன்று என்று எண்ணமாட்டார்கள். "இருவத்தி மூணரை."

எழுதினேன். இரண்டாவது இருபத்து மூன்று. மூன்றாவது இருபத்து நாலு. என் கை நின்றுவிட்டது.

பழம் நிரப்பின பெட்டி எனக்குக் கண்ணுக்குப் பழகினது. விளிம்புக்கு ஒரு விரல் கீழே நின்றால் மொத்தம் இருபத்திரண்டரை. பழம் இருபது, பெட்டி இரண்டரை. அரை கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். இந்தப் பெட்டிகளும் விளிம்புக்கு ஒரு விரல் கீழேதான் நின்றன. ஒன்றிரண்டு அதைவிடக் குறைவாகக்கூட இருந்தன. ஆனால் எடை மட்டும் ஏறியிருந்தது.

"எழுதுமா. மழ பேஞ்சிருக்குது, காயி நல்லா ஊதியிருக்குது. நமக்கு ஜாஸ்திதான" என்றார் மேஸ்திரி.

ஊதின காயாக இருந்தால் பெட்டிக்குள் எண்ணிக்கை குறைந்திருக்கும், அளவு அதேதான் நிற்கும், எடை இவ்வளவு ஏறாது. இதைச் சொல்ல வாய் வரவில்லை. எழுந்து வெளியே போனேன். களத்தில் மிச்சம் நின்ற ஓர் அடுக்கின் மேலிருந்து காலிப் பெட்டி ஒன்றை எடுத்தேன். வழக்கமாக ஒரு கையால் தூக்குகிற பெட்டிக்கு இரண்டு கை வேண்டியிருந்தது. கொண்டுவந்து தராசில் வைத்து, தண்டில் இருக்கிற குண்டை நகர்த்தினேன்.

நாலு கிலோ.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். தராசில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கீழேயும் பார்த்தார். படிக்கல்லை வைத்துக் காட்டினேன். தண்டு நேராக நின்றது.

"அட, பலகை தண்ணி குடிச்சிருக்குது" என்றார்.

ஓரகத்தி தராசுக்கு அடுத்த பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "அதான் கழுத்து வாங்குதேன்னு பாத்தேன். நா எனக்குத்தான் வயசாயிட்டுதுன்னு நெனச்சிக்கினேன்."

"சரி, ஒண்ணும் கெட்டுப் போவல. ரெண்டரைக்குப் பதிலா நாலு கழிச்சிட்டு எழுது. லாரி நிக்குது" என்றார் மேஸ்திரி.

எனக்கு அதுவும் சரியாகப் படவில்லை. இன்னொரு காலிப் பெட்டியை எடுத்து வந்தேன். அது அடுக்கில் அடியில் இருந்தது. வைத்துப் பார்த்தால் மூன்று. மேலே இருந்தது மழையை நேராக வாங்கியிருக்கிறது, அடியில் இருந்தது அவ்வளவு வாங்கவில்லை. எல்லாவற்றுக்கும் நாலு கழித்தால் தோட்டத்துக்கு நஷ்டம், மூன்று கழித்தால் மண்டிக்காரருக்கு நஷ்டம், இரண்டரை கழித்தால் போன மழைக்கு நடந்ததுதான் மறுபடியும் நடக்கும். அந்தச் சமயத்தில்தான் கணக்குப்பிள்ளை முகம் எனக்கு ஞாபகம் வந்தது. அவர் எழுதியது எழுதியபடிதான். கழித்ததுதான் தப்பு. அதுவும் அவர் வைத்த அளவு இல்லை.

பென்சிலைக் கீழே வைத்தேன்.

"இன்னாம்மா?" என்றார் மேஸ்திரி.

"பழத்தை வெளிய எடுக்கணும் மாமா. பெட்டி ஒவ்வொண்ணும் தனியா நிறுக்கணும்."

எழுபத்திரண்டு பெட்டிகளையும் அவர் ஒரு பார்வை பார்த்தார். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"வெளையாடுறியா? பொழுது சாஞ்சிரும். அவரு மண்டிய மூடிக்கினு போயிருவாரு. முதலாளி வந்தா நான் இன்னா சொல்றது?"

அவர் சொல்வதும் நியாயம்தான். தாமதமாகப் போனாலும் சரக்கு விலைபோகாமல் நிற்கும், அதுவும் மரத்துக்குத்தான் கேடு. ஆனால் என் கையால் அந்த எடையை எழுத முடியவில்லை. "அப்படின்னா நீங்களே எழுதிக்குங்க மாமா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். என் வாழ்நாளில் அவரை எதிர்த்து நான் பேசினது அந்த ஒரு வார்த்தைதான்.

ஓரகத்தி தலையிலிருந்த பெட்டியை இறக்கி வைத்தாள். "கரும்பு வெட்டத் தெரியுமா உங்களுக்கு?" என்று மற்றப் பெண்களைப் பார்த்துக் கேட்டாள். "தெரியாதில்ல. அப்போ வாங்க, கொட்டுவோம்."

"கொட்டாதீங்க, அடிபட்டுரும்" என்றேன் நான். சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தரையில் சாக்கை விரித்து, அதன் மேல் வைக்கோல் பரப்பினோம். பழத்தைக் கையால் எடுத்து வைத்தார்கள். வெறும் பெட்டியை, அடி வைக்கோலோடு, தராசில் வைத்தேன். எடையைக் கூப்பிட ஆள் இல்லை. மேஸ்திரி கோபத்தில் வெளியே போய் டிரைவரோடு பீடி பிடித்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் நானே கூப்பிட்டேன், நானே எழுதினேன். "பன்னெண்டாம் நம்பர், மூணேகால்." "நாப்பதாம் நம்பர், மூணே முக்கால்." முதலில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. பத்துப் பெட்டி போனதும் சரியாகிவிட்டது. பிறகு அதே பழத்தை அதே பெட்டியில் அடுக்கித் திரும்ப நிறுத்தோம். மொத்தத்தில் பெட்டியைக் கழித்தால் பழம். பாதி வேலை நடக்கும்போது மேஸ்திரி பீடியை அணைத்துவிட்டு உள்ளே வந்தார். பெட்டி தூக்க ஆரம்பித்தார். அவர் வந்த பிறகு வேலை இரண்டு மடங்கு வேகமாக நடந்தது.

சீட்டு எழுதுகிறபோது ஒரு சந்தேகம் வந்தது. பாண்டி போய்ச் சேருகிற வரைக்கும் காற்றிலும் வெயிலிலும் பெட்டி காய்ந்துகொண்டே போகும். இங்கே நாலு கிலோ நின்ற பெட்டி அங்கே மூன்றரை நிற்கலாம். மொத்த எடையைப் பார்த்தால் அவருக்குக் குறைவாகத்தான் தெரியும். அதனால் மொத்த எடைக்கும் பெட்டி எடைக்கும் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு, ஒவ்வொரு நம்பருக்கும் பழத்தின் எடையைத் தனியாக எழுதினேன். சீட்டின் தலையில், 'பெட்டி மழையில் நனைந்தது. வழியில் காயும். பழத்தை மட்டும் நிறுத்துப் பார்க்கவும்' என்று எழுதினேன். ஒரு பெரிய மனிதருக்கு நான் எழுதின முதல் வரி அது. கடைசிப் பெட்டியில் பழத்தின் மேல் சீட்டை வைத்து, மேலே ஒரு சட்டத்தைக் குறுக்கே போட்டு ஆணி அடித்தார் மேஸ்திரி. லாரி போகும்போது உச்சிப்பொழுது தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது.

முதலாளி சாயங்காலம் வந்தார். மேஸ்திரி என்ன சொல்வாரோ என்று நான் தராசுக்குப் பின்னால் நின்றேன்.

"லேட்டுதான் முதலாளி. பெட்டியெல்லாம் தண்ணி குடிச்சிருந்திச்சி. தனித்தனியா நிறுத்து அனுப்பினோம்" என்றார். அனுப்பினோம் என்றுதான் சொன்னார்.

முதலாளி எங்கள் கம்பியில் குத்தியிருந்த மூன்றாவது சீட்டை எடுத்துப் பார்த்தார், வைத்துவிட்டுப் போனார்.

லாரி திரும்பி வந்ததும் காலிப் பெட்டிகளை இறக்கினார்கள். டிரைவர் என்னைத் தேடிக்கொண்டு கொட்டகைக்கே வந்தார். அன்றைக்கு ஹாரன் அடித்தவர்தான்.

"எல்லாத் தோட்டத்துச் சரக்கும் ஈரப் பெட்டிதாம்மா. மண்டியில பெட்டிக்கு அஞ்சு கிலோன்னு கழிச்சிப்புட்டாங்க. அவனவன் சண்ட போட்டுக்கினு நிக்கிறான். மண்டிக்காரரு நம்ம சீட்டப் பாத்தாரு. நடுவுல இருந்து மூணு பெட்டிய எடுக்கச் சொல்லி, பழத்த மட்டும் நிறுத்தாரு. சீட்டுல இன்னா இருந்திச்சோ அதான் நின்னுது. அப்புறம் ஒண்ணயும் நிறுக்கல. அப்படியே எடுத்துக்கினாரு."

"வேற எதுனா சொன்னாரா?" என்று கேட்டாள் ஓரகத்தி. எனக்காகத்தான் கேட்டாள்.

"எழுதுனது யாருன்னாரு. ஒரு அம்மா, பேசவே மாட்டாங்கன்னேன். பேச வேணாம், இப்படியே எழுதுனா போதும்னு சொல்லு, அடுத்த லோடு எப்போன்னு கேளுன்னாரு."

பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் காலிப் பெட்டிகளை எண்ணப் போய்விட்டேன். அறுபது வரைக்கும் எண்ணினேன், மறந்துவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து எண்ணினேன். முகத்தை யாரும் பார்க்காமல் இருக்க அதுதான் நல்லதாக இருந்தது. எழுபத்திரண்டும் வந்திருந்தன.

மேஸ்திரி அடுத்த வாரம் திருக்கோவிலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார். போகிறபோது அந்த மூன்றாவது சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போய் அதைக் காட்டியிருக்கிறார். அவர் கண்ணாடியைப் போட்டு முழுக்கப் படித்துவிட்டு, மனைவியைக் கூப்பிட்டு அவளையும் பார்க்கச் சொன்னாராம். சீட்டு பத்திரமாகத் திரும்பி வந்தது, கம்பியில் அதே இடத்தில் குத்தினேன்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு காலையில் நாங்கள் கொய்யா பறித்துக்கொண்டிருந்தபோது தோட்டத்துக்குள் டிராக்டர் சத்தம் கேட்டது. எல்லாரும் பறிப்பதை நிறுத்தினோம். ஓரகத்தி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். டிராக்டர் மரங்களைத் தாண்டிக் களத்துக்குப் போய் நின்றது. டிரெய்லரில் தகரமும் சவுக்குக் கட்டையும் இருந்தன.

"இன்னாத்துக்கு இது?" என்று கேட்டாள் ஓரகத்தி.

"காலிப் பெட்டி வெக்கறதுக்குக் கொட்டாய் போடணுமாம்" என்றார் டிராக்டர்காரர். "எங்க போடணும்னு தராசு அம்மாவக் கேக்கச் சொன்னாரு முதலாளி. யாரு அது?"

எல்லாரும் விலகி நின்றார்கள். நான் களத்தின் மேட்டுப் பக்கத்தை, தண்ணீர் நிற்காத இடத்தை, கையால் காட்டினேன். பிறகு, காட்டினது அவருக்குப் புரியவில்லையோ என்று, "இங்க போடுங்க" என்று வாயாலும் சொன்னேன்.